இ-வே பில் ஓடிபி இறந்தவரின் எண்ணுக்குப் போகிறது

அட்டைப்பெட்டி — 3 ஏப்ரல் 2025, காலை 11.20

நேற்று முன்தினம் முதல் இ-வே பில் தளம் கடவுச்சொல்லோடு நிற்பதில்லை, ஓடிபியும் கேட்கிறது. அந்த ஓடிபி எங்களுக்கு வருவதில்லை. 2017இல் வாட் எண்ணிலிருந்து ஜிஎஸ்டிக்கு மாறியபோது, எங்களுக்குக் கணக்கு பார்த்தவர் தம் கைப்பேசி எண்ணையும் தம் ஜிமெயிலையும் பதிந்துவிட்டார். அப்பா அதைக் கவனிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கணக்கர் சென்ற ஆடியில் இறந்துபோனார்.

அட்டைப்பெட்டி செய்கிற சிறு பட்டறை. பெங்களூருக்கு 1,12,000 ரூபாய்ச் சரக்கு ஏற்றிய வண்டி வாசலில் நிற்கிறது. ஓட்டுநர் மூன்றாவது டீ குடிக்கிறார். என்ன செய்யலாம்?

சிவப்பு மை — 3 ஏப்ரல், 11.35

கால் மணி நேர வேலை. ஜிஎஸ்டி தளத்துக்குள் போய்ப் பதிவுத் திருத்தத்தில் கையொப்பமிடுபவரின் எண்ணை மாற்றுங்கள். அதிகாரியின் ஒப்புதல்கூட வேண்டாம், தானாக ஏறிவிடும். நான் போன ஆண்டு செய்தேன்.

பழைய கணக்கர் — 3 ஏப்ரல், 11.50

முதலில் வண்டியை அனுப்புங்கள், மற்றதைப் பிறகு பேசலாம். சரக்கை வாங்குகிறவர் பதிவுபெற்றவர்தானே? அவருடைய கணக்கிலிருந்தே இ-வே பில் எடுக்கலாம். அவருக்கு இது உள்வரவுச் சரக்கு, 'Inward' என்று தேர்ந்தெடுத்து உங்கள் பில் எண், தேதி, தொகை, வண்டி எண் எல்லாவற்றையும் போட வேண்டும். லாரி சர்வீஸ் பதிவுசெய்தது என்றால் அவர்களும் எடுக்கலாம். அடுத்த மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போகிற சரக்கு. இ-வே பில் இல்லாமல் ஓசூரைத் தாண்ட நினைக்காதீர்கள்.

அட்டைப்பெட்டி — 3 ஏப்ரல், பிற்பகல் 2.15

வண்டி போய்விட்டது. வாங்குகிறவரின் கணக்கர் எடுத்துக் கொடுத்தார். "ஒவ்வொரு லோடுக்கும் நானே எடுத்துத் தர வேண்டுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

மார்ச் வரை எதுவும் கேட்காமல் ஏப்ரலில் ஏன் இப்படி? எண் ஒன்றும் நேற்று அணையவில்லையே.

பழைய கணக்கர் — 3 ஏப்ரல், 3.00

இரட்டைச் சரிபார்ப்பைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். ஜனவரி 1 முதல் 20 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு, பிப்ரவரி 1 முதல் 5 கோடிக்கு மேல், ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும். உங்கள் முறை இப்போது வந்திருக்கிறது. அந்த ஓடிபி பதிவான கைப்பேசிக்குத்தான் போகும்.

இனி மூன்று கேள்விகள். ஜிஎஸ்டி தளத்தின் பயனர்பெயர் உங்களிடம் இருக்கிறதா? கடவுச்சொல் இருக்கிறதா? அந்த ஜிமெயிலை யாராவது இன்னும் திறக்க முடியுமா? இந்த மூன்றில் எது இருக்கிறது, எது இல்லை என்பதைப் பொறுத்து வழி மாறும்.

தாமரைக்குளம் — 3 ஏப்ரல், இரவு 8.10

எங்கள் அம்மாவுக்கும் இதே பிரச்சினை. எண் போய்விட்டது, கடவுச்சொல் மறந்துவிட்டது. வங்கியின் நெட் பேங்கிங்குக்குள் போய் அங்கிருந்தே வரித் தளத்துக்குத் தாவினோம், கடவுச்சொல்லே கேட்கவில்லை. உள்ளே போனதும் சுயவிவரத்தில் புது எண் போட்டு மாற்றிவிட்டோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

பழைய கணக்கர் — 3 ஏப்ரல், 8.40

அம்மா, நீங்கள் சொல்வது வருமான வரித் தளம். அங்கே நெட் பேங்கிங், ஆதார் ஓடிபி, மின்னணுக் கையொப்பமான டிஎஸ்சி என்று நான்கைந்து கதவுகள் உண்டு. ஜிஎஸ்டியில் நெட் பேங்கிங் வழியாக நுழைய முடியாது. இவருடைய வீட்டுக்கு ஒரே கதவு, சாவி இறந்தவர் சட்டைப்பையில்.

அட்டைப்பெட்டி — 5 ஏப்ரல், காலை 7.30

கணக்கரின் உதவியாளரைத் தேடிப்பிடித்தேன். இப்போது வேறு கடையில் இருக்கிறார். அவர் சொன்னதைக் கேட்டபோதுதான் புரிந்தது. கணக்கர் இறந்த பிறகு எண்ணுக்கு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை, அது அணைந்துவிட்டது. ஆனாலும் மாதாமாதம் 3பி என்கிற வரிப் படிவம் தாக்கலானது, ஏனென்றால் ஜிஎஸ்டியின் ஓடிபி மெயிலுக்கும் வரும். அலுவலகக் கணினியில் அந்த ஜிமெயில் எப்போதும் திறந்தே கிடந்தது. ஏழெட்டு மாதம் அந்த ஒரு கணினியை நம்பி ஓடியிருக்கிறோம்.

மார்ச் கடைசியில் அலுவலகத்தைக் காலிசெய்து, கணினியைத் துடைத்து விற்றுவிட்டார்கள். இப்போது வேறு இடத்திலிருந்து ஜிமெயிலைத் திறந்தால் அதே அணைந்த எண்ணுக்குச் சரிபார்ப்புக் குறியீடு அனுப்புகிறேன் என்கிறது. பயனர்பெயர் உதவியாளரின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. கடவுச்சொல் பிரவுசரில் சேமித்தது, கணினியோடு போயிற்று.

ஆக, உங்கள் கேள்விகளுக்குப் பதில்: பயனர்பெயர் உண்டு, மற்ற இரண்டும் இல்லை.

சிவப்பு மை — 5 ஏப்ரல், 9.00

அப்படியானால் நான் சொன்னது பயன்படாது. உள்ளே போக முடிந்தவருக்குத்தான் அது. எனக்குக் கடவுச்சொல் தெரிந்திருந்தது, அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

பழைய கணக்கர் — 5 ஏப்ரல், 10.20

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கடவுச்சொல் தெரிந்து எண் மட்டும் செத்திருந்தால் அதிகாரியிடம் போக வேண்டியதில்லை. உள்ளே போய்த் திருத்தப் பகுதியில் புது எண்ணையும் புது மெயிலையும் போட்டால், அவற்றைச் சரிபார்க்க ஓடிபி புது எண்ணுக்கும் புது மெயிலுக்கும் வரும். சிக்கல் கடைசியில் சமர்ப்பிக்கும்போதுதான். ஓடிபியால் கையொப்பமிட்டால் அது எங்கே போகும் என்பதில் எனக்குக் கிடைத்த அனுபவம் சுகமில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு அது பழைய எண்ணுக்கே போய் நின்றது. அவர் உரிமையாளர் பெயரில் ஒரு டிஎஸ்சி வாங்கித் தளத்தில் பதிந்து, அதால் கையொப்பமிட்டு வெளியே வந்தார். தனி உரிமையாளருக்கு டிஎஸ்சி கட்டாயம் இல்லை, ஆனால் தடையும் இல்லை. இந்த நேரத்தில் அது நல்ல ஏணி.

கடவுச்சொல்லும் இல்லை, மெயிலும் இல்லை என்றால் ஒரே வழி, உங்கள் எல்லைக்குரிய வரி அதிகாரி. அவருடைய திரையில் உங்கள் எண்ணையும் மெயிலையும் மாற்றிக் கடவுச்சொல்லை மீட்டமைக்கும் வசதி இருக்கிறது. கணக்கர்கள் தங்கள் எண்ணைப் போட்டுவிட்டுத் தர மறுக்கிறார்கள் என்று புகார்கள் குவிந்ததால்தான் அதைக் கொண்டுவந்தார்கள். நிதி அமைச்சகம் 14 ஜூன் 2018 அன்று செய்திக்குறிப்பும் வெளியிட்டது. அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்.

சிவப்பு மை — 5 ஏப்ரல், 10.45

அண்ணாச்சி, எனக்குச் சமர்ப்பிக்கும் ஓடிபி புது எண்ணுக்குத்தான் வந்தது. சத்தியமாக.

பழைய கணக்கர் — 5 ஏப்ரல், 11.00

இருக்கலாம். நீங்கள் புதிதாக வேறொருவரைக் கையொப்பமிடுபவராகச் சேர்த்தீர்களா, அல்லது இருந்தவரின் எண்ணையே திருத்தினீர்களா? இரண்டும் ஒன்றல்ல.

சிவப்பு மை — 5 ஏப்ரல், 11.10

நினைவில்லை.

அட்டைப்பெட்டி — 6 ஏப்ரல், மாலை 6.00

ஒரு அசட்டு வேலை செய்தேன். அந்தப் பழைய எண்ணுக்கே போன் போட்டேன். மணி அடித்தது! ஒரு அம்மாள் எடுத்தார். ஒரு மாதத்துக்கு முன்பு வாங்கிய எண்ணாம். "யார் யாரோ அழைத்து அந்த ஆடிட்டர் இருக்கிறாரா என்கிறார்கள், ஓடிபியாக வந்து விழுகிறது, நீங்களும் அந்தக் கூட்டமா?" என்று ஒரு பிடி பிடித்தார். எங்களுக்கு ஒரே ஒரு ஓடிபி சொல்ல முடியுமா என்று கேட்க வாயைத் திறந்தேன். கேட்கவில்லை.

நூல்மில் கணக்கு — 6 ஏப்ரல், 6.30

கேட்டிருக்கலாம். ஒரு ஆறு இலக்கம். உங்கள் சொந்தக் கணக்குதானே, திருட்டா?

பழைய கணக்கர் — 6 ஏப்ரல், 7.15

அந்த அம்மாள் தராமல் இருப்பதுதான் சரி. முன்பின் தெரியாதவர் போனில் கேட்டால் ஓடிபி சொல்லாதே என்று நாடே கத்திக்கொண்டிருக்கிறது. அவரிடம் போய் நான் மட்டும் நல்லவன் என்று எப்படி நிரூபிப்பீர்கள்?

இதில் வேறு ஒரு கோணம் உண்டு. அணைந்த எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குத் தர விதி அனுமதிக்கிறது. ஒருவர் இறந்தால் குடும்பம் கவனிக்க வேண்டியவற்றில் இந்த எண்ணும் ஒன்று, யாரும் கவனிப்பதில்லை. அந்தக் கணக்கரின் மற்ற வாடிக்கையாளர்களின் ஓடிபிகளும் அந்த அம்மாளுக்குத்தான் போகின்றன, பாருங்கள்.

நூல்மில் கணக்கு — 6 ஏப்ரல், 7.20

அப்படியானால் அந்த அம்மாளே கணக்கு பார்க்கத் தொடங்கலாம். வாடிக்கையாளர்கள் தயாராக இருக்கிறார்கள்.

அட்டைப்பெட்டி — 8 ஏப்ரல், மதியம் 1.00

தவறான அலுவலகத்துக்குப் போய் அரை நாள் வீணானது. பதிவுச் சான்றிதழில் பார்த்ததை நம்பிப் போனேன். வரிசையில் நின்று உள்ளே போனதும், "நீங்கள் மாநிலப் பிரிவு, இது மத்திய அலுவலகம்" என்றார்கள். ஏன் முதலிலேயே சொல்லவில்லை அண்ணாச்சி?

பழைய கணக்கர் — 8 ஏப்ரல், 1.30

நீங்கள் கேட்பீர்கள் என்று நினைத்தேன், தவறு என்னுடையது. ஜிஎஸ்டி தளத்தில் உள்ளே நுழையாமலே 'Search Taxpayer' பகுதியில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போடுங்கள். மத்திய, மாநில எல்லைகள் இரண்டுமே தெரியும். இரண்டில் ஒன்றுதான் உங்களுடையது. 'Administrative Office' என்று காட்டுவதுதான் உங்கள் அலுவலகம். எந்த வட்டம் என்பதுவரை அதிலேயே இருக்கும். பழைய வாட் அலுவலகம்தானே என்று பழக்கத்தில் போகிறவர்களும் ஏமாறுவார்கள். வரிதாரர்களை இரண்டு தரப்புக்கும் பிரித்துக்கொண்டபோது பலர் இடம் மாறிவிட்டார்கள்.

அட்டைப்பெட்டி — 11 ஏப்ரல், இரவு 9.00

சரியான அலுவலகம். பெயர் வேண்டாம். பொறுமையாகத்தான் கேட்டார்கள். ஆனால் அந்த அதிகாரி இப்படி ஒரு வசதி தம் திரையில் இருப்பதை அதற்குமுன் பயன்படுத்தியதே இல்லை. "கடவுச்சொல் மறந்தால் தளத்திலேயே மாற்றிக்கொள்ளுங்கள்" என்று முதலில் திருப்பி அனுப்பப் பார்த்தார். 2018 செய்திக்குறிப்பின் அச்சை நீட்டினேன். இரண்டு முறை படித்தார், பக்கத்து அறையில் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினார், பிறகு உட்காரச் சொன்னார். ஒரு தாள் இல்லாமல் போயிருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும்.

ஆனாலும் வேலை முடியவில்லை. பதிவு அப்பா பெயரில். நான் அந்தப் பதிவில் எங்குமே இல்லை, கையொப்பமிடும் அதிகாரமும் எனக்கு இல்லை. வந்து நிற்கிறவர் அந்தப் பதிவில் இருக்கிறாரா என்று அவர்கள் பார்க்க வேண்டுமாம். "மகன் என்று ஆதாரில் இருக்கிறதே" என்றேன். "ஆதாரில் இருக்கலாம், ஜிஎஸ்டியில் இல்லையே" என்றார். அதற்கு மறுமொழி இல்லை.

கடையை நடத்துவது நான். 74 வயது அப்பாவுக்கு முழங்கால் வலி, அலுவலகம் மாடியில்.

தாமரைக்குளம் — 11 ஏப்ரல், 9.30

அப்பாவின் கையெழுத்தோடு அதிகாரக் கடிதம் கொடுத்தால் போதாதா?

அட்டைப்பெட்டி — 11 ஏப்ரல், 9.40

கேட்டேன். சில இடங்களில் ஏற்கலாம், இங்கே ஏற்கவில்லை. அவர் மேல் கோபம் வரவில்லை, ஏனென்றால் வேறு யாராவது இதே கதையைச் சொல்லிக்கொண்டு வந்து எங்கள் கணக்கை வாங்கிக்கொண்டு போனால் நான் என்ன சொல்வேன்?

அட்டைப்பெட்டி — 16 ஏப்ரல், மாலை 5.30

சித்திரை விடுமுறை கழிந்து நேற்று அப்பாவை அழைத்துப் போனேன். அதிகாரியே கீழே இறங்கி வந்தார், அதைச் சொல்லியாக வேண்டும்.

கொண்டுபோனவை: அப்பா கையெழுத்திட்ட விண்ணப்பம், அதில் நடந்தது நாலு வரியில்; பதிவுச் சான்றிதழ் நகல்; அப்பாவின் பான், ஆதார் நகல்கள், மூலங்களும் கையில்; பட்டறையின் மின் கட்டண ரசீது. புது எண், புது மெயில் இரண்டையும் விண்ணப்பத்திலேயே எழுதச் சொன்னார்கள். இவற்றை ஸ்கேன் செய்து தளத்தில் ஏற்றிய பிறகுதான் எண்ணை மாற்ற அவர்கள் திரை விடும் என்றார். கணக்கரின் இறப்புச் சான்றிதழ் வேண்டுமா என்று கேட்டேன், தேவையில்லையாம். யார் எண் அது, ஏன் அணைந்தது என்பது அவர்களுக்குப் பொருட்டல்ல. கேட்கிறவர் யார் என்பதுதான் பொருட்டு.

நூல்மில் கணக்கு — 19 ஏப்ரல், காலை 10.00

இடையில் என் சொந்தக் கதை. மன்னிக்க வேண்டும், நாளை 20, 3பி தாக்கலுக்குக் கடைசி நாள், வேறு யாரிடம் கேட்பேன்? நாங்கள் பிரைவேட் லிமிடெட். இயக்குநரின் டிஎஸ்சி 17ஆம் தேதி காலாவதி. நேற்றே புதுப்பித்துவிட்டோம். டிஎஸ்சி டோக்கனைக் கணினியில் செருகினால் தளம் இந்த டிஎஸ்சி பதிவாகவில்லை என்கிறது. அதே டோக்கன், அதே ஆள், அதே பெயர். புதுப்பித்ததற்கு என்ன அர்த்தம்?

சிவப்பு மை — 19 ஏப்ரல், 10.10

டிஎஸ்சியை விடுங்கள். நிறுவனங்களும் ஓடிபியால் தாக்கல் செய்யலாம். நாங்கள் செய்திருக்கிறோம்.

பழைய கணக்கர் — 19 ஏப்ரல், 10.40

சிவப்பு மை சொல்வது கொரோனா காலத்துச் சலுகை. அது 31 அக்டோபர் 2021 அன்று முடிந்தது. இப்போது நிறுவனத்துக்கு டிஎஸ்சிதான்.

நூல்மில்லுக்கு: புதுப்பித்தல் என்று விற்பனையாளர் சொல்வது வியாபாரச் சொல். பழையதன் தேதியை யாரும் நீட்டுவதில்லை. புதுச் சான்றிதழ், புதுச் சாவி, அதே டோக்கனில் பழையதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். தளத்துக்குத் தெரிந்தது பழையது. கடவுச்சொல்லால் உள்ளே போய், சுயவிவரத்தில் 'Register/Update DSC' பகுதியில் அந்த இயக்குநரைத் தேர்ந்தெடுத்து, 'Update' கொடுங்கள். பட்டியலில் இரண்டு சான்றிதழ்கள் ஒரே பெயரில் தெரியும். காலாவதித் தேதியைப் பார்த்துப் புதியதை எடுங்கள். உள்ளே நுழைய டிஎஸ்சி தேவையில்லை என்பதால் இது அட்டைப்பெட்டியின் சிக்கலைவிட லேசானது.

நூல்மில் கணக்கு — 19 ஏப்ரல், பிற்பகல் 3.20

கையொப்பமிடும் மென்பொருளான எம்சைனர் ஓடுகிறது, ஆனாலும் தளம் சொல்வது:

```
Failed to establish connection to the server.
Kindly restart the Emsigner.
```

நான்கு முறை மறுதொடக்கம் செய்தேன். கணினியையும் செய்தேன். இயக்குநரையும் செய்யலாமா என்று பார்க்கிறேன்.

பழைய கணக்கர் — 19 ஏப்ரல், 3.35

பிரவுசரில் புதுத் தாவலில் இதைத் திறங்கள்:

```
https://127.0.0.1:1585
```

பாதுகாப்பற்றது என்று எச்சரிக்கும். அது உங்கள் கணினிக்குள்ளேயே ஓடும் எம்சைனரின் முகவரிதான், தொடர அனுமதியுங்கள். பிறகு ஜிஎஸ்டி தாவலுக்குத் திரும்பி மறுபடி முயலுங்கள். எம்சைனரை நிர்வாகி உரிமையோடு திறந்திருக்க வேண்டும்.

நூல்மில் கணக்கு — 19 ஏப்ரல், 5.50

இணைப்பு வந்தது. இப்போது பான் பொருந்தவில்லை என்கிறது!

பழைய கணக்கர் — 19 ஏப்ரல், 6.05

விற்பனையாளர் பான் இல்லாமல் சான்றிதழ் எடுத்துத் தந்திருப்பார், அல்லது எண்ணில் ஓர் எழுத்து பிசகியிருக்கும். சான்றிதழுக்குள் பதிந்த பானும், தளத்தில் அந்த இயக்குநருக்குப் பதிந்த பானும் ஒன்றாக இருக்க வேண்டும். இதை உங்கள் பக்கத்தில் சரிசெய்ய முடியாது, வேறு சான்றிதழ்தான் வாங்க வேண்டும். கொடுத்தவரிடம் கேளுங்கள்.

இரண்டாவது இயக்குநருக்கு டிஎஸ்சி இருக்கிறதா? அவரும் கையொப்பமிடுபவராகப் பதிவாகியிருந்தால் அவருடையதைப் போட்டு நாளைத் தாக்கலை முடித்துவிடலாம்.

நூல்மில் கணக்கு — 20 ஏப்ரல், இரவு 10.40

இரண்டாவது இயக்குநர் இயக்குநரின் மனைவி. அவருடைய டோக்கன் பூஜை அறை அலமாரியில் இருந்தது. கடவு எண் டோக்கனிலேயே ஒட்டிய சீட்டில். தாக்கல் முடிந்தது. இனி அந்தச் சீட்டைக் கிழிக்கச் சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.

அட்டைப்பெட்டி — 21 ஏப்ரல், காலை 8.00

நூல்மில்லுக்கு வாழ்த்துகள். எங்கள் 20 போய்விட்டது. மார்ச் மாத 3பி தாக்கலாகவில்லை. இன்னொரு மாதமும் போனால் இ-வே பில்லே தடைபடும் என்கிறார்கள். அலுவலகத்தில் கேட்டால் விண்ணப்பம் "போய்க்கொண்டிருக்கிறது".

அட்டைப்பெட்டி — 29 ஏப்ரல், மாலை 4.00

மாற்றி முடித்து ஐந்து நாள் ஆயிற்று என்று இன்று சொல்கிறார்கள். தற்காலிகக் கடவுச்சொல் மெயிலுக்குப் போயிருக்க வேண்டுமாம். ஸ்பாமிலும் இல்லை. நேரில் போனேன். அதிகாரி தாம் தட்டச்சிட்டதைக் காட்டினார். மெயில் முகவரியில் ஒரு 'i' விழவில்லை. என் கையெழுத்தில் அது வேறெதாகவோ தெரிந்திருக்கிறது. அவர்மேல் பழி போட முடியாது, நான் எழுதியதை நானே படிக்கத் திணறினேன்.

மறுபடி விண்ணப்பம், மறுபடி அப்பா கையெழுத்து. இந்தமுறை மெயில் முகவரியைக் கணினியில் பெரிய எழுத்தாக அச்சடித்துக் கொடுத்தேன். இதைச் செய்யப் போகிறவர்கள் முதல் நாளே செய்யுங்கள். அதிகாரி தட்டும்போது பக்கத்தில் நின்று எழுத்தெழுத்தாகப் படித்துக்காட்டவும் கூச்சப்படாதீர்கள்.

அட்டைப்பெட்டி — 7 மே, இரவு 7.45

மெயில் வந்தது! பயனர்பெயரும் தற்காலிகக் கடவுச்சொல்லும். ஆனால் போட்டால் தவறான விவரம் என்கிறது. மூன்று முறை ஆயிற்று. நான்காவது முறை கணக்கு பூட்டிக்கொள்ளுமோ என்று பயந்து நிறுத்திவிட்டேன்.

பழைய கணக்கர் — 7 மே, 8.00

நிறுத்தியது நல்லது. வழக்கமான நுழைவுப் பெட்டியில் போட்டிருப்பீர்கள். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் 'First time login' என்று ஓர் இணைப்பு இருக்கும். புதிதாகப் பதிந்தவர்களுக்கான வாசல், நீங்கள் இப்போது அந்த வகை. அங்கே ஜிஎஸ்டி எண்ணையும் தற்காலிகக் கடவுச்சொல்லையும் போடுங்கள், புதுப் பயனர்பெயரும் புதுக் கடவுச்சொல்லும் அமைக்கச் சொல்லும். தட்டச்சிட வேண்டாம், நகலெடுத்து ஒட்டுங்கள், முன்னும் பின்னும் இடைவெளி ஒட்டாமல்.

அட்டைப்பெட்டி — 7 மே, 8.25

உள்ளே வந்துவிட்டேன். எட்டு ஆண்டாக எங்கள் பெயரில் இருக்கிற கணக்கை முதல்முறையாகப் பார்க்கிறேன்.

அட்டைப்பெட்டி — 9 மே, இரவு 9.10

மார்ச் மாத ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தையும் 3பியையும் இன்று தாக்கல் செய்தேன். ஓடிபி அப்பாவின் போனுக்கு வந்தது, பட்டன் போன், கண்ணாடி தேடி எடுத்துப் படித்துச் சொன்னார்.

செலவைக் கணக்குப் போட்டேன். ஏப்ரல் 20லிருந்து 19 நாள் தாமதம், நாளுக்கு 50 வீதம் 950 ரூபாய். பணமாகக் கட்ட வேண்டியிருந்த வரி 86,400. அதற்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி, 19 நாளுக்கு ஏறக்குறைய 810. மொத்தம் 1,760. இதைக் கேட்டு அப்பா, "இவ்வளவுதானா?" என்றார். அவர் கணக்கில் நான் அலைந்த ஐந்து நாளும், பெங்களூர்க்காரர் ஏழு முறை எடுத்துத் தந்த இ-வே பில்லும் வரவில்லை. தாமதக் கட்டணம் அடுத்த மாதப் படிவத்தில் தானே வந்து நிற்கும் என்று அண்ணாச்சி தனிச்செய்தியில் சொன்னார்.

தாமரைக்குளம் — 10 மே, காலை 9.00

ஒன்று கேட்கிறேன். இங்கே அப்பா வந்து நின்றார். உரிமையாளரே இறந்திருந்தால்? எங்கள் மாமா கடைக்கு அப்படித்தான் இருக்கிறது, எண்ணும் அவருடையதே, அதுவும் அணைந்துவிட்டது.

பழைய கணக்கர் — 10 மே, 9.45

அது வேறு வழக்கு. அப்போதும் அதே அதிகாரியிடம்தான் போக வேண்டும், ஆனால் சட்டபூர்வ வாரிசாக. இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். மாமாவின் பதிவை யாரும் தொடர்ந்து நடத்த முடியாது, அது மாமாவின் பானோடு கட்டியது. வாரிசு தம் பெயரில் புதுப் பதிவு எடுத்து, பழையதில் மிஞ்சிய உள்ளீட்டு வரியை மாற்றிக்கொண்டு, பழைய பதிவை ரத்துசெய்ய விண்ணப்பிக்க வேண்டும். விவரங்களைத் தனி இழையில் எழுதுங்கள், இங்கே போட்டால் புதைந்துவிடும்.

அட்டைப்பெட்டி — 14 மே, இரவு 8.30

இ-வே பில் தளத்தில் நேற்று வரை பழைய எண்தான் இருந்தது. ஜிஎஸ்டியில் மாறினால் இங்கேயும் உடனே மாறும் என்று நினைத்தது தவறு. உதவி எண்ணில் பேசி, ஜிஎஸ்டியிலிருந்து விவரத்தை மறுபடி எடுத்துக்கொள்ளச் செய்த பிறகு இன்று மாலை அப்பா போனுக்கு ஓடிபி வந்தது.

சிவப்பு மை — 14 மே, 8.50

அப்பாவின் எண்ணையா கொடுத்தீர்கள்? உங்கள் எண்ணைக் கொடுத்திருக்கலாமே.

அட்டைப்பெட்டி — 14 மே, 9.05

அதிகாரி முன்னால் அப்பா நிற்கும்போது என் எண்ணை எழுத மனம் வரவில்லை. பிறகு யோசித்தால், கணக்கர் செய்ததும் இதுதானே, தம் எண்ணை எழுதிக்கொண்டது. அப்பாவின் எண் பிரீபெய்டு. 90 நாள் யாரும் பேசாமல் கிடந்தால் அணைந்துவிடும் என்பதால், கணக்கில் எப்போதும் 20 ரூபாய்க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார் அண்ணாச்சி.

அட்டைப்பெட்டி — 17 மே, மதியம் 12.40

புதுச் சிக்கல். காலை பத்து மணிக்கு லோடு ஏறியது, ஓடிபி அப்பாவிடம், அப்பா கோயிலில், போன் அணைத்து வைத்திருக்கிறார். ஓட்டுநர் மறுபடி டீ குடிக்கிறார்.

பழைய கணக்கர் — 17 மே, 12.55

இ-வே பில் தளத்தில் துணைப் பயனர் ஒருவரை உருவாக்குங்கள், உங்கள் எண்ணோடு. அவருக்கு வரும் ஓடிபி உங்களுக்கு வரும். அதை உருவாக்க அப்பா ஒரே ஒருமுறை ஓடிபி சொன்னால் போதும்.

அட்டைப்பெட்டி — 17 மே, பிற்பகல் 2.30

கோயிலுக்கே போய் வாங்கி வந்தேன். துணைப் பயனர் உருவாகிவிட்டார், நான்தான் அவர். வண்டி போய்விட்டது.